அந்தரத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பாத்திரம்: உராய்வு செய்யும் வேலை

முதல் பிளாட்ஃபார்மர் விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பாத்திரம் ஓடுகிறது, குதிக்கிறது, மேடையில் சரியாக இறங்கி நிற்கிறது. ஒருமுறை வலது அம்புக்குறியை அழுத்தியபடியே சுவரை நோக்கிக் குதிக்கிறீர்கள். கீழே விழ வேண்டிய பாத்திரம் பாதி உயரத்தில் ஆணியில் மாட்டிய சட்டையைப் போல அப்படியே தொங்குகிறது. அம்புக்குறியிலிருந்து விரலை எடுத்தவுடன் ஒன்றுமே நடக்காதது போலக் கீழே விழுகிறது.

விரலை எடுத்ததும் விழுகிறதா என்பதுதான் இங்கே முதல் சோதனை. விழுந்தால் காரணம் அநேகமாக உராய்வு. விரலை எடுத்த பிறகும் தொங்கிக்கொண்டே இருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தரையில் நிற்கிறோமா என்று பார்க்கும் உங்கள் நிரல் சுவரையும் தரை என்று எடுத்துக்கொண்டு ஈர்ப்பை நிறுத்தியிருக்கலாம். ஓடுகளின் இணைப்பில், பாத்திரத்தின் மோதல் எல்லையான கொலைடரின் மூலை சிக்கியிருக்கலாம். அவை தனிக் கதை. இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி மட்டும். யூனிட்டியின் இருபரிமாண இயற்பியலை வைத்துச் சொல்கிறேன். அதன் அடியில் ஓடுவது பாக்ஸ்2டி என்னும் நூலகம்.

ஒரு புத்தகத்தைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். புத்தகம் விழாது. கை அதை மேல்நோக்கித் தூக்கவில்லை, சுவரை நோக்கித்தான் தள்ளுகிறது. ஆனாலும் தள்ளத் தள்ளச் சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையில் உராய்வு கூடுகிறது, அந்த உராய்வு எடையைத் தாங்கிக்கொள்கிறது. கையைத் தளர்த்தினால் புத்தகம் வழுக்கி இறங்கும். உங்கள் பாத்திரம்தான் அந்தப் புத்தகம், அம்புக்குறிதான் கை. இதுவரை எல்லோரும் எளிதில் ஊகித்துவிடுவார்கள். ஊகிக்கத் தவறுவது அந்தக் கை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை.

தொடக்க நிலையில் பெரும்பாலோர் எழுதும் நகர்வு நிரல் இப்படி இருக்கும்:

```csharp
void FixedUpdate()
{
    float x = Input.GetAxisRaw("Horizontal");
    rb.linearVelocity = new Vector2(x * 5f, rb.linearVelocity.y);
}
```

யூனிட்டி 6-க்கு முந்தைய பதிப்புகளில் `linearVelocity` என்பதற்குப் பதில் `velocity` என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. நிரல் சொல்வது எளிமையானது: அம்புக்குறியை அழுத்தும்வரை கிடைத்திசை வேகம் விநாடிக்கு 5 மீட்டர், செங்குத்து வேகம் என்னவோ அதை அப்படியே விட்டுவிடு. சமதரையில் ஓடும்போது இதில் ஒரு குறையும் இல்லை.

சுவரைத் தொட்ட பிறகு நடப்பதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கலாம். யூனிட்டியின் இயற்பியல் வழக்கமாக 0.02 விநாடிக்கு ஒருமுறை ஓர் அடி எடுத்து வைக்கும். ஒவ்வோர் அடிக்கும் முன் உங்கள் நிரல் ஓடிப் பாத்திரத்துக்கு 5 என்ற வேகத்தைக் கொடுக்கிறது. எதிரே சுவர். பாத்திரம் அதற்குள் புகக்கூடாது என்பதால் இயற்பியல் அந்த 5-ஐ முழுவதுமாகப் பிடுங்கிக்கொண்டு சுழியமாக்குகிறது. அடுத்த அடியில் நிரல் மறுபடி 5 கொடுக்கிறது, இயற்பியல் மறுபடி பிடுங்குகிறது. விரல் அம்புக்குறியில் இருக்கும்வரை விநாடிக்கு 50 முறை இந்த இழுபறி நடக்கிறது. திரையில் எதுவும் அசையாததால் இப்படி ஒரு சண்டை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தை 0.02 விநாடிக்குள் நிறுத்துவது என்றால் 5-ஐ 0.02-ஆல் வகுக்க வேண்டும்: விநாடி வர்க்கத்துக்கு 250 மீட்டர். புவியீர்ப்பு 9.81. ஆக, பாத்திரம் தன் எடையைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு விசையோடு சுவரில் அழுத்தப்படுகிறது. நீங்கள் எழுதியது ஓர் எளிய நகர்வு வரி, கிடைத்ததோ ஒரு பிழிபொறி!

இனி உராய்வின் பங்கு. கொலைடருக்கு எந்த மெட்டீரியலும் தராவிட்டால் யூனிட்டி 0.4 என்ற உராய்வுக் குணகத்தை எடுத்துக்கொள்கிறது. பாத்திரத்துக்கும் 0.4, சுவருக்கும் 0.4. அழுத்தும் விசையில் 0.4 பங்குவரை உராய்வு தடுத்து நிறுத்தலாம் என்பதுதான் விதி. ஓர் அடிக்கான கணக்காகவே இதைப் போட்டுவிடலாம். சுவர் பிடுங்குவது 5, அதில் 0.4 பங்கு 2. அதாவது ஒவ்வோர் அடியிலும் விநாடிக்கு 2 மீட்டர்வரை செங்குத்து வேகத்தை உராய்வால் அழிக்க முடியும். அதே அடியில் ஈர்ப்பு சேர்ப்பது 9.81-ஐ 0.02-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 0.196 மட்டுமே. 2 எங்கே, 0.196 எங்கே! ஈர்ப்பு ஒரு சொட்டு ஊற்றினால் உராய்வு அதை உடனே துடைத்துவிடுகிறது, பிறகும் அதன் கையில் ஏராளம் மிச்சமிருக்கிறது. இந்தக் கணக்கில் நிறை எங்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். இரு பக்கமும் அது அடிபட்டுப்போகிறது. `Mass` பெட்டியில் 1 இருந்தாலும் 50 இருந்தாலும் ஒட்டுவது ஒட்டத்தான் செய்யும்.

விழுவது மட்டுமல்ல, ஏறுவதும் கெடும். சுவரை ஒட்டி நின்று, அம்புக்குறியை விடாமல், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே குதிப்பதாக வைத்துக்கொள்வோம். சுவர் இல்லாவிட்டால் பாத்திரம் ஏறக்குறைய 5 மீட்டர் உயரும். சுவர் இருந்தால் முதல் அடியில் ஈர்ப்பு 0.196-ஐயும் உராய்வு 2-ஐயும் கழிக்க, வேகம் 7.8 ஆகிறது. அடுத்து 5.6, பிறகு 3.4, பிறகு 1.2. ஐந்தாவது அடியில் சுழியம். பத்தில் ஒரு விநாடிக்குள் குதிப்பு செத்துவிட்டது. இந்த வேகங்களைக் கூட்டி 0.02-ஆல் பெருக்கினால் ஏறிய உயரம் 36 சென்டிமீட்டர். அங்கேயே பாத்திரம் தொங்கும். ‘சில நேரம் குதிக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை’ என்று விளையாடிப் பார்த்தவர்கள் சொன்னால், பொத்தானைச் சந்தேகிப்பதற்கு முன் அவர்கள் அப்போது சுவரை ஒட்டி நின்றார்களா என்று கேளுங்கள். நான் ஒருமுறை குதிக்கும் நிரலை மூன்று விதமாகத் திருத்தி எழுதிய பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

கணக்கு கையில் இருந்தால், பலரும் முயன்று பார்க்கும் குறுக்குவழிகள் ஏன் பலிப்பதில்லை என்பதும் விளங்கிவிடும். `Gravity Scale`-ஐ 3 ஆக்குவார்கள். ஓர் அடிக்கு ஈர்ப்பு 0.59 ஆகும், உராய்வின் 2-க்கு அது போதாது. பத்துக்கு மேல் ஏற்றினால்தான் பாத்திரம் நழுவத் தொடங்கும், அதற்குள் குதிப்பதே வீணாகிவிடும். இன்னும் சிலர் உராய்வைக் குறைத்துப் பார்ப்பார்கள். பாத்திரத்துக்கு மட்டும் 0.01 கொடுத்தேன், அப்போதும் ஒட்டுகிறதே என்று திகைப்பார்கள். இங்கே இன்னொரு விவரம் ஒளிந்திருக்கிறது. இரண்டு கொலைடர்கள் தொடும்போது அவற்றின் உராய்வு எண்களைப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைத்தான் பாக்ஸ்2டி பயன்படுத்துகிறது. 0.01-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 0.004, அதன் வர்க்கமூலம் 0.063. அதை 5-ஆல் பெருக்கினால் 0.316. ஈர்ப்பின் 0.196-ஐவிட இன்னும் பெரியது. நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் பாத்திரம் அசையவில்லை. ஆனால் ஒரு பக்கம் சுத்தமாக 0 என்று இருந்துவிட்டால் எதிரே எது இருந்தாலும் பெருக்கல் 0, வர்க்கமூலமும் 0.

எனவே முதல் தீர்வு சுழியம்தான். ப்ராஜெக்ட் பகுதியில் `Create > 2D > Physics Material 2D` என்று சென்று ஒரு மெட்டீரியலை உருவாக்குங்கள். `Friction` 0, `Bounciness` 0. பாத்திரத்தின் `BoxCollider2D`-இல் உள்ள `Material` பெட்டியில் அதை இழுத்துப் போடுங்கள். `Rigidbody2D`-இலும் இதே பெயரில் ஒரு பெட்டி உண்டு. இரண்டிலும் வெவ்வேறு மெட்டீரியல் இருந்தால் கொலைடரில் உள்ளதே செல்லும். `Rigidbody2D`-இல் போட்டும் பயனில்லை என்றால், கொலைடரில் பழைய மெட்டீரியல் ஏதாவது மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டை ஓடவிட்டு, சுவரை அழுத்தியபடியே இன்ஸ்பெக்டரில் `Rigidbody2D`-இன் `Info` பகுதியைத் திறந்தால் செங்குத்து வேகம் -1, -3, -5 என்று இறங்கிக்கொண்டே போவதைக் காணலாம். முன்பு அது சுழியத்திலேயே உறைந்திருந்தது.

உராய்வை முழுக்க எடுத்துவிட்டால் பாத்திரம் தரையில் பனிக்கட்டிமேல் போல வழுக்காதா என்ற அச்சம் இயல்பானது. மேலே காட்டிய நிரலில் வழுக்காது. அம்புக்குறியை விட்டதும் `x` சுழியம் ஆகிறது, கிடைத்திசை வேகத்தையும் நிரலே சுழியம் என்று எழுதிவிடுகிறது. நிறுத்துவது நிரல்தான், உராய்வு அல்ல. நகரும் மேடை பாத்திரத்தைச் சுமந்து செல்லாது என்ற புகாரும் உண்டு. உண்மையில் இந்த நிரலோடு 0.4 உராய்வு இருந்தாலும் மேடை சுமக்காது, ஏனென்றால் ஒவ்வோர் அடியிலும் நாமே வேகத்தைச் சுழியமாக்குகிறோம். மேடையின் வேகத்தை நிரலில் சேர்த்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

மெய்யாகவே இழப்பது சரிவுகளில்தான். 30 பாகை சரிவில் உராய்வே இல்லாமல் நிற்கும் பாத்திரம், நீங்கள் எதையும் அழுத்தாதபோதும் விநாடிக்கு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் வீதம் மெல்ல நழுவும். நிரல் கிடைத்திசை வேகத்தைத் துடைக்கிறதே தவிர, ஈர்ப்பு கீழே இழுக்க இழுக்கச் சரிவு அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்காக உராய்வைத் திரும்பக் கொண்டுவருவதும் பெரிய பயன் தராது. 0.4 குணகம் தாங்குவது சுமார் 22 பாகைவரைதான். சரிவுகள் நிறைந்த விளையாட்டில் நிற்கும்போது ஈர்ப்பை நிறுத்துவது போன்ற தனி ஏற்பாடு எப்படியும் தேவைப்படும்.

தரையில் உராய்வு வேண்டும், பக்கவாட்டில் மட்டும் வேண்டாம் என்றால் யூனிட்டியிலேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பெயர் `Platform Effector 2D`. கீழிருந்து மேலே ஊடுருவிக் குதிக்கும் மேடைகளுக்கு மட்டுமே இது என்று பலர் நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் `Use Side Friction` என்று ஒரு குறிப்பெட்டி உண்டு. அது குறியிடப்படாமல் இருந்தால் பக்கச் சுவர்களில் உராய்வு கிடையாது, மேல்தளத்தில் உராய்வு அப்படியே இருக்கும். இதைப் பாத்திரத்தில் அல்ல, சுவர்களும் தரையும் இருக்கும் பொருளில் சேர்க்க வேண்டும். அந்தப் பொருளின் கொலைடரில் `Used By Effector`-ஐக் குறியிட வேண்டும். ஓடு வரைபடத்துக்கு `CompositeCollider2D` வைத்திருந்தால் குறியிட வேண்டியது அதில்தான். முக்கியமாக, `Use One Way` வழக்கமாகக் குறியிடப்பட்டே வரும். அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூரையை முட்ட வேண்டிய பாத்திரம் அதன் வழியே மேலே போய்விடும். இன்னொரு வரம்பு: எது ‘பக்கம்’ என்பதை `Side Arc` என்ற கோணம் தீர்மானிக்கிறது. அது வழக்கமாக மிகக் குறுகலாக இருக்கும். நேர்ச்சுவருக்கு அது போதும், சற்றே சாய்ந்த பாறைச் சுவருக்குப் போதாது. கையால் வரைந்த ஒழுங்கற்ற நிலப்பரப்பு என்றால் நான் இதை நாடுவதில்லை, பாத்திரத்தில் சுழிய மெட்டீரியலையே போடுவேன்.

மூன்றாவது வழி, அழுத்துவதையே நிறுத்துவது. கை புத்தகத்தைத் தள்ளாவிட்டால் உராய்வுக்கு வேலை இல்லை. அந்தரத்தில் இருக்கும்போது, போகும் திசையில் மிக அருகில் சுவர் இருந்தால் கிடைத்திசை வேகத்தைச் சுழியமாக்கிவிடலாம். `hits` என்பது முன்கூட்டியே அறிவித்து வைத்த `RaycastHit2D` வரிசை, `grounded` என்பது உங்கள் தரைச் சோதனையின் விடை. வேகத்தை எழுதும் வரிக்கு முன் இதைச் சேர்க்க வேண்டும்:

```csharp
if (!grounded && x != 0)
{
    int n = rb.Cast(new Vector2(x, 0), hits, 0.02f);
    for (int i = 0; i < n; i++)
        if (Mathf.Abs(hits[i].normal.x) > 0.9f) x = 0;
}
```

இது காரணத்தின் வேரிலேயே கைவைக்கிறது என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் தனியாக இதை மட்டும் நம்பினால் ஒரு சிறு குறை தெரியும். ஓர் அடியில் பாத்திரம் 10 சென்டிமீட்டர் நகர்கிறது, நாம் பார்ப்பதோ 2 சென்டிமீட்டர் தூரம். எனவே பெரும்பாலும் சுவரில் ஒருமுறை மோதிய பிறகுதான் இந்தச் சோதனை பிடிக்கும். அந்த ஒற்றை மோதலிலேயே உராய்வு 2 மீட்டர் வேகம்வரை விழுங்கிவிடும். மேலேறும் பாத்திரம் சுவரைத் தொட்ட கணத்தில் லேசாகத் தடுக்கி, பிறகு தொடர்வது போலத் தெரியும். பார்க்கும் தூரத்தைக் கூட்டினால் சுவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இடைவெளி கண்ணில் படும். சுழிய மெட்டீரியலும் இதுவும் சேர்ந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் நான் மெட்டீரியலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வேகத்தை நேரடியாக எழுதாமல் `AddForce` கொண்டு நகர்த்துபவர்களுக்கு இந்தக் கோளாறு வேறு முகத்தோடு வரும். நிறை 1, தள்ளும் விசை 20 நியூட்டன் என்றால் உராய்வு அதிகபட்சம் 8 நியூட்டன், எடை 9.81. பாத்திரம் ஒட்டாது. ஆனால் பஞ்சு இறங்குவது போல மிக மெதுவாக இறங்கும். ‘சுவரருகே ஈர்ப்பு குறைகிறது’ என்று தோன்றினால் இதுதான்.

முப்பரிமாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இயற்பியல் நூலகமே வேறு, உராய்வு எண்களைச் சேர்க்கும் விதமும் வேறு. வழக்கமான முறை சராசரி. பாத்திரத்துக்கு 0, சுவருக்கு வழக்கமான 0.6 என்றால் கிடைப்பது 0.3, பாத்திரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். மெட்டீரியலில் `Friction Combine` என்பதை `Minimum` ஆக்கினால்தான் உங்கள் சுழியம் செல்லுபடியாகும். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று அங்கே இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையுமே சுழியமாக்க வேண்டும்.

சுவரில் ஒட்டுவதைப் பார்த்த சிலருக்கு, அதையே ஓர் அம்சமாக்கினால் என்ன என்று தோன்றும். சுவரில் மெல்ல வழுக்கி இறங்குவது பல பிளாட்ஃபார்மர்களில் இருப்பதுதானே! ஆசை நல்லது, அதற்கு உராய்வை நம்புவதுதான் சரியில்லை. உதாரணமாக, இரு பக்கமும் 0.02 வைத்தால் ஓர் அடிக்கு உராய்வு 0.1-ஐத் துடைக்கும், ஈர்ப்பு 0.196-ஐச் சேர்க்கும். பாத்திரம் ஏறக்குறையப் பாதி ஈர்ப்பில் இறங்கும், அழகாகவே இருக்கும். பிறகு ஒருநாள் ஓடும் வேகத்தை 5-இலிருந்து 8 ஆக மாற்றுகிறீர்கள். உராய்வு 0.16 ஆகிறது, இறக்கம் நத்தை வேகத்துக்குப் போய்விடுகிறது. இன்னொரு நாள் `Fixed Timestep`-ஐ 0.02-இலிருந்து 0.01 ஆக்குகிறீர்கள். ஈர்ப்பு ஓர் அடிக்கு 0.098 ஆகப் பாதியாகிறது. உராய்வின் பங்கு குறைவதில்லை, ஏனென்றால் அடி சிறிதானாலும் நிரல் கொடுக்கும் வேகம் அதே வேகம்தான். பாத்திரம் மறுபடி சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உராய்வைச் சுழியத்திலேயே விட்டுவிட்டு, வழுக்கும் வேகத்தை நிரலில் எழுதுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு விழும்போது செங்குத்து வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் போதும். `touchingWall` என்பது உங்கள் சுவர்ச் சோதனையின் விடை, `vy` என்பது நகர்வு வரியில் எழுதப்போகும் செங்குத்து வேகம்:

```csharp
if (touchingWall && !grounded && vy < -2f) vy = -2f;
```

ஓடும் வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் பாத்திரம் சுவரில் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாமல் இறங்கும்.